சுற்றளவு 8 என்கிறது, நீளம் 9 என்கிறது: எந்த கிளவுஸ் வாங்குவது?

குன்னூர்_காலைவண்டி | 2023 டிசம்பர் 2, இரவு 9.40

தினமும் விடிந்தும் விடியாமல் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு பைக்கில் வேலைக்குப் போகிறேன். கேத்தி தாண்டுவதற்குள் விரல் விறைத்து, பிரேக் பிடிக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் போகிறது. பழைய கிளவுஸ் நன்றாக இருந்தது, எல் சைஸ், உள்ளே துணி வைத்தது. கிழிந்துவிட்டது. அது இப்போது வருவதில்லை என்பதால் வேறு கம்பெனியில் எல் வாங்கினேன். சும்மா வாங்கவில்லை, அவர்கள் போட்டிருந்த அட்டவணையைப் பார்த்து கையை அளந்துதான் வாங்கினேன். எல் என்றால் சுற்றளவு 20 முதல் 21.5 செ.மீ. என்று இருந்தது. என் கை 20.5.

உள்ளங்கை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் போய் முட்டுகின்றன. மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை 19.3 செ.மீ. இருக்கிறது. அட்டவணையில் நீளம் என்று ஒரு வரியே இல்லை. எக்ஸ்எல் மாற்றித் தருகிறேன் என்கிறார்கள். மாற்றலாமா? ஒரே எல், ஒன்றில் சரியாக இருக்கிறது, இன்னொன்றில் முட்டுகிறது, ஏன்?

மலை_மெக்கானிக் | டிசம்பர் 2, இரவு 10.15

எழுத்தைப் பார்க்காதீங்க, எண்ணைப் பாருங்க. கிளவுஸ் எண் என்பது கைச்சுற்று எத்தனை அங்குலம் என்பதுதான். 20.5 செ.மீ. என்றால் 8 அங்குலம். 8 வாங்குங்க, முடிந்தது. நீளம் எல்லாம் தோல் போகப் போகத் தானே இழுத்துக்கொள்ளும்.

தோல்வெட்டு | டிசம்பர் 3, காலை 6.50

அண்ணன் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பி வாங்கினால் தம்பிக்கு விரல் முட்டிக்கொண்டேதான் இருக்கும்.

நான் ராணிப்பேட்டையில் தோல் கிளவுஸ் வெட்டும் பிரிவில் இருந்தவள், கல்யாணமாகி ஊட்டி வந்தேன். அங்கே தோலை மேசையில் போட்டு இழுத்துப் பார்த்த பிறகுதான் வெட்டுவோம். எந்தப் பக்கம் அதிகம் இழுபடுகிறதோ அந்தப் பக்கம் கையின் குறுக்கே வர வேண்டும், இழுபடாத பக்கம் விரல் நீளத்துக்கு வர வேண்டும். அப்படி வைத்தால்தான் கையை மூடித் திறக்கும்போது உள்ளங்கை கொடுத்து வாங்கும், விரல் தொளதொளவென்று நீளாது. ஆகவே தோல் கிளவுஸ் பழகப் பழக அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. இன்று நுனியில் முட்டுகிற விரல் அடுத்த குளிருக்கும் முட்டும்.

எண்ணைப் பற்றி. வேலைக்கான கிளவுஸ்களுக்கு ஐரோப்பாவில் இ.என். 420 என்று ஒரு தரம் இருந்தது, 2020-இல் அது ஐ.எஸ்.ஓ. 21420 ஆனது. அதில் சைஸ் 8 என்றால் சுற்றளவு 203 மி.மீ. மட்டுமல்ல, நீளம் 182 மி.மீ.யும் சேர்த்துத்தான். 9 என்றால் 229, 192. உங்கள் கை 205, 193. அதாவது அகலத்துக்கு 8, நீளத்துக்கு 9. இது கோளாறான கை அல்ல, ஒல்லியான நீளக் கை. நிறைய பேருக்கு இருக்கிறது. சுற்றளவு மட்டும் போடுகிற அட்டவணை இந்தக் கைக்காரர்களுக்கு எதையுமே சொல்வதில்லை, அதுதான் எனக்குக் கோபம்.

மாற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். கிளவுஸைப் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் ஒவ்வொரு விரலிடுக்கிலும் அழுத்துங்கள். இடுக்கு நன்றாகப் பதிந்த பிறகும் நுனி முட்டுகிறதா, இல்லை நுனி முட்டுவதால் இடுக்கே பதியாமல் இடைவெளி நிற்கிறதா என்று எழுதுங்கள்.

கூடலூர்_சிஸ்டர் | டிசம்பர் 3, மதியம் 1.20

எனக்கும் இதே குழப்பம். ஆபரேஷன் தியேட்டரில் ஆறரை போடுவேன், கச்சிதம். வார்டில் டப்பாவில் எடுப்பது ஸ்மால், சில லாட் லூசாக இருக்கும், சில லாட் இறுகும். கையை அளந்து வாங்கச் சொன்னால் ஆஸ்பத்திரி வாங்கித் தருமா?

தோல்வெட்டு | டிசம்பர் 3, மாலை 5.05

சிஸ்டர், தம்பி கேட்பது பைக் கிளவுஸ். ஆனாலும் நீங்கள் சொன்னது இந்த விஷயத்துக்கு உதவும். தியேட்டர் கிளவுஸ் ஆறரையை மேசையில் தட்டையாக வைத்து உள்ளங்கை அகலத்தை அளந்து பாருங்கள், சுமார் 83 மி.மீ. வரும். ஆறரை அங்குலம் 165 மி.மீ., அதில் பாதி. அங்கே அளப்பது கிளவுஸை. தம்பி பார்த்த அட்டவணையில் அளக்கச் சொல்வது கையை. இரண்டும் வேறு வேறு. ரப்பர் இழுபடும் என்பதால் அரை சைஸ் பிசகு கையில் தெரிவதில்லை, தோலில் உடனே தெரிந்துவிடும். தியேட்டர் கிளவுஸ் அரை அரை சைஸாக வருகிறது, வார்டு டப்பாவில் இரண்டு மூன்று எண்ணுக்கு ஒரே எழுத்து. அதனால்தான் வார்டில் பிடிமானம் மாறிக்கொண்டே இருக்கிறது.

பைக் கிளவுஸ் விற்பவர்களிலும் சிலர் கையின் அளவைப் போடுகிறார்கள், சிலர் கிளவுஸைத் தட்டையாக வைத்த அளவைப் போடுகிறார்கள். உள்ளங்கை 10 செ.மீ. என்று இருந்தால் அது தட்டை அகலம், இரட்டித்து 20 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த 20-உம் வெளியில் அளந்தது. தோலின் தடிமன், தையல் எல்லாம் போக உள்ளே கைக்குக் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு.

குன்னூர்_காலைவண்டி | டிசம்பர் 3, இரவு 9.10

அக்கா, அழுத்திப் பார்த்தேன். கையை விரித்து வைத்தால் இடுக்கு கிட்டத்தட்டப் பதிகிறது. பைக் ஹேண்டிலைப் பிடித்துவிட்டு பிரேக் மீது விரலை மடக்கினால் நுனி நன்றாக முட்டுகிறது, இடுக்கில் ஒரு விரல்நக அளவு இடைவெளி விழுகிறது. பழையதில் இப்படி இல்லை. பழையதைத் தேடி எடுத்தேன், உள்ளே லேபிளில் எல் என்று போட்டு பக்கத்தில் 9 என்று இருக்கிறது. புதியதில் எண்ணே இல்லை, உள்துணியும் இல்லை, மெல்லிசு.

மலை_மெக்கானிக் | டிசம்பர் 3, இரவு 9.30

அப்போ பழைய எல் 9, புது எல் 8. இது போதாதா? கம்பெனிக்காரன் எழுத்தை வைத்து ஏமாற்றுகிறான்.

தோல்வெட்டு | டிசம்பர் 4, காலை 7.15

ஏமாற்று இல்லை அண்ணா. எழுத்து எந்த எண்ணில் விழ வேண்டும் என்று எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி இல்லை. எந்த ஊர் ஆட்களுக்கு விற்கிறார்களோ அந்த ஊரில் நடுவாந்தரமான கை எதுவோ அதை எம் என்று வைத்து மேலும் கீழும் போகிறார்கள். எண் இருந்தால் எண்ணைப் பாருங்கள் என்று நீங்கள் சொன்னது அதனால்தான் சரி.

ஆனால் எண் ஒன்றாக இருந்தாலும் கிளவுஸ் ஒன்றாக இருக்காது. அந்தத் தரம் நிர்ணயிப்பது கையின் அளவை. அந்தக் கைக்குப் போடுகிற கிளவுஸை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்பதைப் பொருளின் இழுவையையும் வேலையையும் பார்த்து தயாரிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். விரல் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், கட்டைவிரல் எந்தக் கோணத்தில் நிற்கிறது, இதெல்லாம் வெட்டும் அச்சைச் செய்தவர் கையில். நான் இருந்த இடத்தில் உள்துணி வைத்த கிளவுஸுக்கும் வைக்காததற்கும் ஒரே அச்சுதான். உள்ளே 2 மி.மீ. துணி சுற்றிலும் வந்தால் சுற்றளவில் சுமார் 12 மி.மீ. தின்றுவிடும். ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் 25 மி.மீ. வித்தியாசம், ஆக கிட்டத்தட்ட அரை சைஸ் காணாமல் போகும். துணி அமுங்கும் என்பதால் முழுதாகப் போகாது, ஆனாலும் கை உணரும்.

இப்போது தம்பியின் பழைய கிளவுஸ் ஏன் பொருந்தியது என்று பாருங்கள். எண் 9, அதனால் விரல் நீளம் 193-க்குச் சரியாக வந்தது. உள்ளங்கை அவருக்கு ஒரு அங்குலம் பெரிதாக இருந்திருக்க வேண்டும். அந்த லூசை உள்துணி பாதி அடைத்துவிட்டது, மீதியை மணிக்கட்டுப் பட்டை பிடித்துக்கொண்டது. புதியது மெல்லிசு, உள்துணி இல்லை, 8-க்கு வெட்டியது. அகலம் சரி, நீளம் ஒரு சென்டிமீட்டர் குறைவு.

மடக்கும்போது மட்டும் அதிகமாக முட்டுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விரலை மடக்கினால் முட்டி மேலே வழி கூடும், உள்பக்கம் குறையும். வளைத்துத் தைத்த கிளவுஸில் புறங்கைப் பக்கத்தை உள்பக்கத்தைவிட நீளமாக வெட்டுவார்கள். தட்டையாக வெட்டியதில் இரண்டு பக்கமும் ஒரே நீளம், அதனால் மடக்கினதும் புறங்கைத் தோல் இழுத்து விரல்நுனியைப் பின்னால் தள்ளும். மேசையில் வைத்துப் பாருங்கள். விரல்கள் தானாகக் கொஞ்சம் மடங்கி நிற்கிறதா, சப்பாத்தி மாதிரி படுத்திருக்கிறதா?

குன்னூர்_காலைவண்டி | டிசம்பர் 4, இரவு 8.45

படுத்திருக்கிறது.

கொடைக்கானல்_நடை | டிசம்பர் 5, காலை 11.00

நான் வண்டி ஓட்டுவதில்லை, காலையில் நடக்க கம்பளி கிளவுஸ் தேடுகிறேன். இதைப் படித்துவிட்டு அளந்தேன், சுற்றளவு 20, நீளம் 20.2 வருகிறது. பத்தாம் நம்பர் கையா எனக்கு? ஊரில் யாரும் என்னை நெட்டைக்கை என்று சொன்னதில்லையே.

தோல்வெட்டு | டிசம்பர் 5, மாலை 6.30

மணிக்கட்டைப் பாருங்க சார். உட்பக்கம் குறுக்கே இரண்டு கோடு இருக்கும், சிலருக்கு மூன்று. உள்ளங்கையை ஒட்டி இருக்கும் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். முழங்கைப் பக்கக் கோட்டிலிருந்து அளந்தால் ஒரு சென்டிமீட்டர் வரை கூடிவிடும், நீளத்தில் அதுவே ஒரு முழு சைஸ். முடிவு நடுவிரலின் சதை நுனியில், நகம் சேராது. டேப்பை உள்ளங்கைக் குழியில் அழுத்தாமல் கையைத் தட்டையாக நீட்டி, ஸ்கேலை மேலே வைத்து அளங்கள்.

சுற்றளவுக்கும் இடம் முக்கியம். தரத்தில் சொல்கிற இடம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கிலிருந்து 2 செ.மீ. விரல் பக்கமாக. கட்டைவிரல் சேராது. சில கம்பெனிகள் விரல் முட்டிகள் மேலே அளக்கச் சொல்கின்றன, சில கையை மூடி முஷ்டியாக்கி அளக்கச் சொல்கின்றன. மூடினால் சுற்றளவு கூடும். ஆகவே எந்த அட்டவணையைப் பார்க்கிறோமோ அதில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து அதே மாதிரி அளக்க வேண்டும். ஒரு கம்பெனி படத்தைப் பார்த்து அளந்துவிட்டு இன்னொரு கம்பெனி அட்டவணையில் தேடினால் பொருந்தாது. எழுதும் கையை அளங்கள், இரண்டையும் அளந்து பெரியதை எடுத்தால் இன்னும் நல்லது. விடியற்காலைக் குளிரில் அளக்காதீர்கள். குளிரில் மோதிரம் கழன்று விழுகிற அளவுக்கு விரல் சுருங்கும், மதியம் வெயில் வந்த பிறகு அளங்கள்.

கொடைக்கானல்_நடை | டிசம்பர் 6, மதியம் 3.15

சரி, இப்போது 19.2. நன்றி அம்மா. கம்பளி என்பதால் எட்டே போதுமா?

தோல்வெட்டு | டிசம்பர் 6, மாலை 5.40

பின்னிய கம்பளி எல்லாப் பக்கமும் இழுபடும், சுற்றளவுப்படியே 8 எடுங்க. தோலுக்குச் சொன்னதைக் கம்பளிக்குப் பார்க்க வேண்டாம்.

கோத்தகிரி_ஃபீல்டு | டிசம்பர் 9, இரவு 8.00

தோட்டத்தில் கவாத்து நடக்கிறது. எங்களுக்கு வரும் கிளவுஸ் எல்லாம் 9, 10 மட்டும். பெண்கள் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் கழற்றி இடுப்பில் சொருகிவிடுகிறார்கள். மேலே கேட்டால் "கொடுத்தும் போடுவதில்லை" என்று அவர்கள் மேல் பழி. கையை அளந்தால் ஒத்துக்கொள்வார்களா? இருபது முப்பது பேரை அளக்க யார் நேரம் தருவார்?

தோல்வெட்டு | டிசம்பர் 10, காலை 9.20

போடுவதில்லை என்று சொல்வது அநியாயம். சைஸ் 7 கை என்றால் சுற்று 178, நீளம் 171. அந்தக் கைக்கு 9-ஐ மாட்டினால் சுற்றில் 5 செ.மீ. காற்று, ஒவ்வொரு விரல் நுனியிலும் காலி. கத்தியின் பிடியைப் பிடித்தால் உள்ளே தோல் மடிந்து உருளும், பிடி நழுவும். காலி நுனி கிளையில் மாட்டி இழுக்கும். கழற்றுவதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது.

அளக்க நேரம் ஆகாது. ஒரு அட்டையில் உள்ளங்கை அளவுக்குக் கோடு போட்டுத் தருவது ஒரு வழி, ஆனால் அதைவிட 6, 7, 8-இல் ஒவ்வொரு ஜோடி மாதிரி வாங்கி வைத்துவிட்டு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மாட்டிக்கொண்டு கத்தியைப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கையில் தோலைக் கிள்ளி எடுக்க முடிந்தால் பெரிது. விரல் மடக்கினதும் கட்டைவிரல் அடியில் வெட்டுகிற மாதிரி இழுத்தால் சிறிது. அந்தக் கணக்கை எழுதி அனுப்பினால் சப்ளை செய்பவர் மறுக்க முடியாது.

கோத்தகிரி_ஃபீல்டு | டிசம்பர் 10, இரவு 7.30

மறுப்பார். ஒரே சைஸ் மொத்தமாக எடுத்தால்தான் விலை குறையும் என்பார். கேட்டுப் பார்க்கிறேன்.

பங்களா_பெட்டி | டிசம்பர் 16, மாலை 4.10

அங்குலக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. அப்பா எஸ்டேட்டில் இருந்தபோது வெளிநாட்டு நண்பர் கொடுத்த தோல் கிளவுஸ், உள்ளே எட்டரை என்று அச்சு. என் கைச்சுற்று 23 செ.மீ., அதாவது 9 அங்குலம். எட்டரை எனக்கு இறுக வேண்டும். ஆனால் தைத்து வைத்த மாதிரி இருக்கிறது. தோல் இளகிவிட்டதா?

தோல்வெட்டு | டிசம்பர் 16, இரவு 9.00

இது அருமையான கேள்வி. இளகல் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் கணக்கே வேறு. தோல் கிளவுஸுக்கு எண் போடும் முறையை ஒழுங்குபடுத்தியவர் பிரான்சில் கிரெனோபிள் ஊர்க்காரர் சேவியர் ஜூவான், 1834-இல். அங்கே அப்போது பழக்கத்தில் இருந்தது பிரெஞ்சு அங்குலம், 27.07 மி.மீ. நம் அங்குலம் 25.4 மி.மீ. நாகரிகத் தோல் கிளவுஸ் செய்பவர்கள் சிலர் இன்றும் அந்தப் பழைய கணக்கிலேயே எண் போடுகிறார்கள். எட்டரையை 27.07-ஆல் பெருக்குங்கள், 230 மி.மீ. உங்கள் 23 செ.மீ. அதே. நம் அங்குலத்தில் பெருக்கினால் 216 தான் வரும், அது உங்கள் கையில் ஏறவே ஏறாது.

ஆகவே அண்ணனின் "எண் என்றால் அங்குலம்" என்பதில் எந்த அங்குலம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. வேலை கிளவுஸ், பைக் கிளவுஸ் பெரும்பாலும் நம் அங்குலம். மெல்லிய நாகரிகத் தோல் என்றால் சந்தேகப்படுங்கள். 8 அளவில் இரண்டு கணக்குக்கும் 13 மி.மீ. வித்தியாசம், அரை சைஸ்.

மலை_மெக்கானிக் | டிசம்பர் 16, இரவு 9.25

இது எனக்குத் தெரியாது. ஆனால் பைக்குக்கு நான் சொன்னதில் நிற்கிறேன். லூசான கிளவுஸில் ஆக்சிலேட்டர் திருகினால் தோல் தனியாகச் சுற்றும், கை தனியாகச் சுற்றும். பர்லியார் இறக்கத்தில் அது விளையாட்டல்ல. தம்பி 9 வாங்க வேண்டாம்.

குன்னூர்_காலைவண்டி | டிசம்பர் 24, மாலை 6.00

எக்ஸ்எல் மாற்றவில்லை, காசு திருப்பித் தந்தார்கள். ஊட்டியில் நான்கைந்து கடையில் போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும், கிளவுஸோடு வெளியே வந்து என் வண்டி பிரேக்கைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் முடிவு செய்தேன். வளைத்துத் தைத்த ஒரு 9, உள்துணியோடு, விரல் அப்படியே உட்கார்ந்தது. இடுக்கு பதிந்து நுனியில் அரை சென்டிமீட்டருக்குள் இடம் இருக்கிறது. உள்ளங்கையில் மட்டும் கொஞ்சம் தோலைக் கிள்ள முடிகிறது. அதே கடையில் இன்னொரு 9 சுண்டுவிரலில் முட்டியது. ஒரே எண், ஒரே கடை. அக்கா, இந்தக் கிள்ளல் ஆபத்தா?

தோல்வெட்டு | டிசம்பர் 24, இரவு 8.40

உள்ளங்கைக்கு நடுவில், ஆக்சிலேட்டர் உட்காரும் இடத்தில் கிள்ள முடிந்தால் அண்ணன் சொல்வது சரி, வேண்டாம். சுண்டுவிரல் பக்க விளிம்பில் மட்டும் என்றால் பாதகமில்லை, பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே மெல்லிய பருத்தி கிளவுஸ் ஒன்று போட்டால் அந்த லூசும் அடையும். ஆனால் அதைப் போட்ட பிறகு விரல் நுனியில் இடம் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். குளிருக்கு இறுக்கம் ஆகாது. விரலை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து, எவ்வளவு தடித்த கிளவுஸ் போட்டாலும் விறைக்கும்.

மலை_மெக்கானிக் | டிசம்பர் 24, இரவு 9.05

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் பிரேக் உணர்வு போய்விடும். அக்கா வண்டி ஓட்டுவதில்லை என்று நினைக்கிறேன்.

தோல்வெட்டு | டிசம்பர் 25, காலை 7.30

ஸ்கூட்டி ஓட்டுகிறேன், பெர்ன்ஹில்லிலிருந்து மார்க்கெட் வரை. அந்தத் தூரத்துக்கு இரண்டு போட்டும் பிரேக் தெரிகிறது. குன்னூர் இறக்கத்துக்கு எப்படி என்று ஓட்டுபவர்தான் சொல்ல வேண்டும்.

குன்னூர்_காலைவண்டி | 2024 ஜனவரி 7, இரவு 9.20

விளிம்பில்தான் கிள்ள முடிகிறது, நடுவில் இல்லை. உள் கிளவுஸோடு ஏறும்போது சுகம். இறங்கும்போது அண்ணன் சொன்ன மாதிரி பிரேக் கொஞ்சம் மந்தமாகத் தெரிகிறது, அதனால் மாலையில் அதைக் கழற்றி பாக்கெட்டில் வைத்துவிடுகிறேன். கழற்றினால் பட்டையை ஒரு படி கூட இறுக்க வேண்டியிருக்கிறது.

கோத்தகிரி_ஃபீல்டு | ஜனவரி 11, இரவு 8.15

மாதிரிக்கு 6, 7, 8 ஒவ்வொரு ஜோடி வாங்கிவிட்டேன். எங்கள் பக்கம் பெரும்பாலோருக்கு 7, சிலருக்கு 6. ஒருவருக்கு விரல் 7, உள்ளங்கை 8. அவருக்கு என்ன எழுதுவது?

தோல்வெட்டு | ஜனவரி 11, இரவு 9.00

உங்களுக்கு வருவது தோலா, பின்னி ரப்பர் முக்கியதா? தோல் என்றால் 7-ஐ ஒரு வாரம் போடச் சொல்லுங்கள், அகலத்தில் இளகும். ரப்பர் முக்கியது இளகாது, அதற்கு 8 எழுதுங்கள், நுனியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் காலியாக இருக்கும். அவரையே இரண்டையும் போட்டுக் கத்தி பிடித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.